திரும்பி வந்த வெள்ளை டாப்ஸ்

திருப்பூரில் பனியன் துணியில் பெண்களுக்கான டாப்ஸ் தைத்து, சொந்த இணையக் கடையில் விற்கும் சிறு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் அதிகம் ஓடியது வெள்ளை டாப்ஸ். வரி போக 599 ரூபாய் கையில் நிற்கும். துணி, தையல் எல்லாம் சேர்த்து 290, கூரியர் 65, ஆன்லைனில் பணம் வாங்கித் தருவதற்கான கட்டணம் 15, விளம்பரம் 90, கவரும் டேக்கும் 9. ஒரு டாப்ஸ் விற்றால் 130 ரூபாய் லாபம்.

நூறு ஆர்டரில் 28 திரும்பி வந்தன. அவற்றுக்கு நான் எழுதிய நஷ்டம் போன கூரியர் 65 மட்டும். சரக்குதான் திரும்பக் கைக்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன். அந்தக் கணக்கில் நூறு ஆர்டருக்கு 7,540 ரூபாய் லாபம் தெரிந்தது. ஆனால் மாதக் கடைசியில் வங்கியில் அந்தப் பணம் இருக்காது.

ஒருநாள் செக்கிங் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே இருக்கும் அக்கா ஒரு ரிட்டர்ன் கவரைப் பிரித்து, டாப்ஸின் கழுத்தை ட்யூப்லைட்டுக்கு நேராக விரித்துக் காட்டினார். உள்பட்டியில் வளையமாக ஃபேஸ் பவுடர் படிந்திருந்தது. “இதைத் துவைச்சா புதுசு மினுக்கம் போயிரும் கண்ணு. செகண்ட்ஸ்லதான் போடோணும்” என்றார். அடுத்த பீஸில் கறை எதுவும் இல்லை. ஆனாலும் இஸ்திரி போட்டு, புது டேக் கட்டி, புது கவரில் போட 12 நிமிடம் ஆனது.

அந்த 28 பீஸையும் கடைசிவரை பின்தொடர்ந்தேன். 17 மட்டும் மறுபடி ரேக்குக்குப் போயின. ஏழு பீஸ் செகண்ட்ஸாகக் காதர்பேட்டைச் சந்தைக்கு 120 ரூபாய் வீதம் போயின. நாலு எதற்கும் உதவவில்லை. இப்படிச் சரக்கில் மட்டும் போனது 2,350 ரூபாய்.

செலவையும் திரும்பப் போட்டேன். திரும்பி வந்த ஆர்டருக்கும் விளம்பரக் காசு போனது போனதுதான். வாடிக்கையாளருக்கு முழுப் பணத்தையும் கொடுத்தாலும் கட்டணம் 15 நமக்குத் திரும்பாது. வீட்டுக்குப் போய் எடுத்துவரும் கூரியர் 85, போனதைவிட அதிகம். போன கூரியர், பழைய கவர், அக்காவின் 12 நிமிடக் கூலி, புது கவர், டேக் எல்லாம் சேர்த்தால் ஒரு ரிட்டர்னுக்கு 285. சரக்கு நஷ்டத்தைப் பங்கிட்டால் இன்னொரு 84. ஆக 369 ரூபாய். 72 பீஸ் விற்று வந்த லாபம் 9,360, 28 ரிட்டர்னில் போனது 10,330. நன்றாக ஓடுகிறது என்று நம்பிய சரக்கு, நூறு ஆர்டருக்கு 970 ரூபாயைத் தின்றுகொண்டிருந்தது.

அதன்பின் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு வரம்பு போட்டேன். ஒரு விற்பனையின் லாபத்தை, அந்த லாபமும் ஒரு ரிட்டர்னின் செலவும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வெள்ளை டாப்ஸுக்கு 130-ஐ 499-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 26 வருகிறது. அதைத் தாண்டி ரிட்டர்ன் வந்தால் விற்கவிற்க நஷ்டம். முதலாளி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்த சுடிதார் செட்டில் நூற்றுக்கு 31 திரும்பி வந்தது. ஆனால் அதில் லாபம் 480, ரிட்டர்ன் செலவு 390. வரம்பு 55. அதை நிறுத்தியிருந்தால் நல்ல வருமானத்தை இழந்திருப்போம்.

இந்தக் கணக்கில் ஒரு இடத்தில் நானே தடுக்கினேன். இந்த மாதம் வந்த ரிட்டர்னை இந்த மாத ஆர்டரால் வகுத்தேன். தீபாவளிக்கு முன் ஆர்டர் குவியும்போது சதவீதம் அழகாகக் குறையும், ரிட்டர்ன் எல்லாம் அடுத்த மாதம்தான் வந்து இறங்கும். ஆர்டர் போட்ட மாதத்தோடு ரிட்டர்னைச் சேர்த்து, 45 நாள் ஆறவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது.

முதலாளியிடம் தாளை நீட்டினேன். “ஓடுற சரக்கையே நிறுத்தச் சொல்றியாப்பா?” என்றார். “டிசைனை இல்லீங்கண்ணா, வெள்ளையை மட்டும்” என்றேன். அதே துணி, அதே அளவில் மெரூன் டாப்ஸ் நூற்றுக்கு 14தான் திரும்பியிருந்தது. வெள்ளையைத் திருப்பிய எல்லோரும் அதற்குக் காரணம் ‘சைஸ் சரியில்லை’ என்றே போட்டிருந்தார்கள், பட்டியலில் முதலில் இருப்பது அதுதான். இருபது பேருக்கு போன் போட்டுக் கேட்டதில் பதினொரு பேர், வெயிலில் நின்றால் உள்ளே தெரிகிறது என்றார்கள். படம் எடுத்தபோது மாடல் உள்ளே ஸ்லிப் போட்டிருந்தார், அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். ரேக்கில் 160 வெள்ளை இருந்தது. விளம்பரத்தை அன்றே நிறுத்தி, ‘உள்ளே ஸ்லிப் தேவை’ என்று பக்கத்தில் எழுதி அதை விற்றுத் தீர்த்தோம். அடுத்த லாட்டுக்கு வெள்ளைத் துணி வெட்டவில்லை.