அப்பவும் வந்துடுவேன்

"ஆறு மாசத்துல அம்மாவுக்குச் சரியாகலைன்னா?" என்று மேலாளர் கேட்டார்.

"அப்பவும் வந்துடுவேன் மேடம்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. கேட்ட ஆறு மாதச் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தது, சொன்ன தேதியில் திரும்பியும் வந்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விடுவதாக இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது மூன்று வாரம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போயிருந்தது. முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதத்துக்கு மேல் மெதுவாகிவிடும், ஆனால் பயிற்சியை விடாமல் செய்தால் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் ஆறு மாதம் கேட்டது அந்தக் கணக்கில்தான். கடிதத்திலும் அதை எழுதினேன். 'குடும்பச் சூழல் காரணமாக' என்று மட்டும் எழுதினால், மூன்று மாதம் போதாதா என்று பேரம் வரும். ஏன் இத்தனை மாதம் என்பது காரணத்திலேயே தெரிய வேண்டும். அது சரியாகத்தான் வேலை செய்தது.

ஆனால் மருத்துவர் சொன்னதில் முதல் பாதியைத்தான் எழுதினேன். ஆறு மாதத்துக்குப் பிறகும் வரும் என்பதை விட்டுவிட்டேன். படித்தவர்களுக்கு, ஆறாவது மாதக் கடைசியில் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் எழுதினேனோ என்னவோ.

மேலாளர் பக்கமும் பார்க்க வேண்டும். என் இடத்துக்குப் புது ஆள் எடுப்பதா, இருக்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா என்பதை அவர் அந்த வாரமே முடிவு செய்தாக வேண்டும். நான் தடுமாறியிருந்தால் ஆள் எடுத்திருப்பார், நான் திரும்பும்போது என் நாற்காலியில் வேறொருவர் இருந்திருப்பார். உறுதியாகச் சொன்னதால் இரண்டு பேருக்குப் பிரித்தார். அந்த இருவரும் ஆறு மாதம் என் சுமையையும் சேர்த்துத் தூக்கினார்கள். அதனால் அந்தப் பதில் தேவையாகத்தான் இருந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அனுமதிக் கடிதம் வந்தபோது அதில் ஒரு வரி: 'பணிக்குத் திரும்பியதும் அதே பதவி அல்லது அதற்கு இணையான பதவி வழங்கப்படும்.' அந்த 'அல்லது' கண்ணில் பட்டது. கேட்கவில்லை. சலுகை வாங்குகிறவர் எப்படி வரிக்கு வரி கேட்பது என்ற கூச்சம். நான் 'அப்பவும்' என்று வாக்குக் கொடுத்தேன், அவர்கள் 'அல்லது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

காப்பீட்டையும் கிட்டத்தட்ட கோட்டை விட்டிருப்பேன். அலுவலகக் குழுக் காப்பீட்டில்தான் அம்மாவும் இருந்தார். என் பங்குப் பணம் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும். சம்பளமில்லா விடுப்பு என்றால் பிடிப்பதற்குச் சம்பளமே இல்லை. கணக்குப் பிரிவுத் தோழி கடைசி வாரத்தில் ஞாபகப்படுத்தினாள். விதியைக் கேட்டு, ஆறு மாதப் பங்கையும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் போனேன். இல்லையென்றால், எந்த அம்மாவுக்காக விடுப்பு எடுத்தேனோ அவருடைய மருத்துவச் செலவுக்கான பாதுகாப்பு அந்த விடுப்பாலேயே போயிருக்கும்.

ஐந்தாவது மாதம் அம்மா இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தார். இந்த நேரத்தில் பயிற்சியில் இடைவெளி விட வேண்டாம் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். இன்னும் ஒரு மாதம் கேட்கலாம் என்று மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. 'அப்பவும்' என்று சொல்லியிருந்தேனே. பகலில் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு, தேதி தவறாமல் போய் நின்றேன். பழைய இடமே கிடைத்தது. அம்மாவின் பேச்சு அதன்பின் அவ்வளவாக நகரவில்லை. அந்தக் கட்டத்தில் வேகம் குறைவது இயல்புதான் என்றார் மருத்துவர். இருக்கலாம். நான் கூட இருந்திருந்தால் என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

போன மாதம் இளையவர் ஒருவர் தன் விடுப்புக் கடிதத்தைக் காட்டி, பார்த்துத் தரச் சொன்னார். நான்கு மாதம், அப்பாவின் அறுவை சிகிச்சை. கடைசியில் 'எந்நிலையிலும் திரும்பி வருவேன்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, திரும்பும் தேதியை எழுதி, 'அதற்கு 45 நாள் முன்பு உறுதி செய்கிறேன், மாற்றம் தேவைப்பட்டால் அப்போதே தெரிவிப்பேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இப்படி எழுதினா குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்திருப்பார்களா என்று யோசித்தேன். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் அந்த வரியோடு அனுப்பினாரா, பழைய வரிக்கே போய்விட்டாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.