பிறந்த திகதி திருத்தம்: மார்ச்சிலிருந்து மே

என் தம்பியின் பிறப்புச் சான்றிதழில் 1994 மார்ச் 21 என்று இருந்தது. உண்மையில் அவன் பிறந்தது மே 21. இத்தனை வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் மார்ச்சையே கொடுத்து ஓட்டிவிட்டோம். 2024 இல் அரசாங்க வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் கோரினார்கள், ஏப்ரல் நடுவில் முடிவுத் திகதி, அன்றைக்கு வயது 30க்கு மேற்படக் கூடாது. மார்ச் கணக்கில் அவன் முப்பதைத் தாண்டிவிட்டான், மே கணக்கில் இன்னும் இருபத்தொன்பது.

ஹட்டன் டவுனில் இந்த மாதிரி வேலைகளுக்கென்றே ஓர் ஆள் இருக்கிறார் என்று கூட வேலை செய்கிற பையன் சொன்னான். போய்க் கேட்டோம். "அண்ணே, இது ஒரு விஷயமா, மாசத்தை மட்டும் மாத்தி கலர் பிரதி எடுத்து சீல் குத்தித் தாரேன்" என்றார். அவர் கைவசம் வைத்திருந்த ஒரு மாதிரியையும் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. உண்மையான திகதியைத்தானே போடப் போகிறோம், இதில் என்ன பொய் என்பது அவன் நியாயம்.

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் சான்றிதழ் என்பது வெறும் பிரதி. மூலம் பதிவேட்டில் இருக்கிறது. சான்றிதழின் மேலே பதிவு இலக்கமும் பதிவுப் பிரிவும் இருக்கும், அதை வைத்து யார் வேண்டுமானாலும் பிரதேச செயலகத்தில் இன்னொரு பிரதி எடுத்து ஒப்பிடலாம். இப்போது பதிவேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் பிறந்த ஊருக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. அது போக அடையாள அட்டை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. ஆக மார்ச் 21 என்றால் 31ம் 29ம் 21ம் சேர்த்து 81, தம்பியின் அட்டை 94081 என்றுதான் ஆரம்பிக்கிறது. மே 21 என்றால் 142 வர வேண்டும். மே என்று போட்ட சான்றிதழையும் 94081 அட்டையையும் ஒன்றாக நீட்டினால், விஷயம் தெரிந்த கிளார்க் ஒருவர் மேசையை விட்டு எழும்பாமலே பிடித்துவிடுவார். போலி ஆவணம் செய்வதும் குற்றம், தெரிந்தே அதைக் கொடுப்பதும் குற்றம்.

வயதைக் கூட்டிப் போடுவது இதைவிட மோசம், நம் பக்கத்தில் வெளிநாட்டு வேலைக்காக அதைத்தான் அதிகம் செய்தார்கள். மூதூர் ரிசானா நபீக் 1988 இல் பிறந்தவர், கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பினார்கள். பிறகு, அங்கே அவர் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இறந்த வழக்கில் உண்மையான வயது தேவைப்பட்டபோது அந்தக் கடவுச்சீட்டுத்தான் அவருக்கு எதிராக நின்றது, 2013 ஜனவரியில் மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

சரி, நாங்கள் போன வழிக்கு வருகிறேன். முதலில் செய்ய வேண்டியது, பிழை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. பதிவேட்டில் சரியாக இருந்து, எழுதிக் கொடுத்த பிரதியில் மட்டும் பிழை என்றால் திருத்தமே தேவையில்லை, புதுப் பிரதி எடுத்தால் போதும். தம்பி விஷயத்தில் பதிவேட்டிலேயே மார்ச் என்றுதான் இருந்தது. தோட்டக் கந்தோரில் இருந்து போன துண்டில் 5 என்ற இலக்கத்தை யாரோ 3 என்று வாசித்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஊகம். அப்பா சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதிவேட்டையே திருத்துவதென்றால் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் படிவத்தை வாங்கினோம். அம்மா சத்தியக் கூற்றுக் கொடுத்தார், சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து. அதுவரைக்கும் சுலபம். ஆதாரம் கேட்டபோதுதான் சிக்கியது.

நாங்கள் ஒரு கட்டுக் காகிதத்தோடு போனோம்: பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பின் பிரதி, சாதாரண தரச் சான்றிதழ், அடையாள அட்டை, அப்புறம் அண்மையில் எழுதுவித்த ஜாதகம். பதிவாளராக இருந்த பெண்மணி ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். முதல் மூன்றும் இந்தச் சான்றிதழைப் பார்த்து எழுதியவை, அதில் மார்ச் தான் இருக்கும், அது சாட்சி ஆகாது. ஜாதகம் போன மாதம் எழுதியது, தேவைக்கு எழுதுவித்தது என்று எவரும் சொல்வார்கள். "பிறந்த நேரத்திலேயே, வயசு ஒரு பிரச்சினையா இல்லாத காலத்தில எழுதின ஏதாவது கொண்டு வாங்க" என்றார். வேலைக்கு முடிவுத் திகதி நெருங்கும்போது இப்படி வருகிற விண்ணப்பங்களை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை.

அம்மா பெட்டியைக் கிளறி தம்பியின் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தார். நிறம் மங்கி, மடிப்பில் கிழிந்து, பிறந்த எடை 2.4 கிலோ, பிசிஜி போட்ட திகதி 1994 மே 22. பிசிஜி பிறந்த உடனே போடுகிற ஊசி. மார்ச்சில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு மாதம் கழித்து, அதுவும் ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்னால் போட்டார்கள் என்றால் நம்ப முடியுமா? அடுத்து பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய பிரசவ இடாப்பில் அம்மாவின் பெயரைத் தேடித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டோம். பழைய இடாப்புகள் எல்லா இடத்திலும் பத்திரமாக இருப்பதில்லை, எங்களுக்கு அதிர்ஷ்டம், கிடைத்தது. இந்த இரண்டும்தான் விஷயத்தை முடித்தது. இதுவும் போதாதென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டி வந்திருக்கும் என்று அந்தப் பதிவாளரே சொன்னார்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னதும் சிலர் என்னிடம் வேறு மாதிரிக் கேட்டார்கள். பதிவேட்டில் இருப்பது உண்மையான திகதி என்றால் அதற்குத் திருத்த வழி என்று எதுவும் கிடையாது. வயதெல்லை தாண்டிவிட்டது என்பதற்காகப் பொய்யான சத்தியக் கூற்றுக் கொடுத்தால், டவுன் ஆளிடம் போவதும் அதுவும் ஒன்றுதான், கூடவே அம்மா அப்பாவையும் மாட்டிவிடுகிறீர்கள்.

திருத்தம் வந்தபோது பழைய திகதியை அழித்திருக்கவில்லை, திருத்தியதைக் குறிப்பாகச் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிரதியை வைத்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தோம், தோட்டத்தில் இருப்பதால் தோட்டத் துரையின் கையெழுத்தோடு. புது அட்டை 1994142 என்று ஆரம்பிக்கிறது, பன்னிரண்டு இலக்கம். இதற்குள் ஏப்ரல் போய்விட்டது, அந்த வேலைக்குத் தம்பி விண்ணப்பிக்கவில்லை. அடுத்து வர்த்தமானியில் வந்த ஒன்றுக்குப் போட்டிருக்கிறான்.

இப்போதைய தலைவலி இலக்கம் மாறியது. ஈபிஎஃப் கணக்கும் வங்கிப் புத்தகமும் இன்னும் பழைய 94081 இல்தான் இருக்கின்றன. அதனால் பழைய அட்டையைக் கையளிக்கும் முன் இரண்டு பக்கமும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் முதலில் கேட்டது அதைத்தான்.