கணிப்புத் திருத்தமும் விலை வேகமும்: ஒரே மதிப்பெண்ணில் எதற்கு எவ்வளவு எடை?

பகாவ் பக்கம் பங்குச் சந்தையில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஏறுகிற பங்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு வகை, ஆய்வாளர் அறிக்கையைப் படித்துவிட்டு 'லாபக் கணிப்பை உயர்த்திவிட்டார்கள், வாங்கலாம்' என்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டையும் ஒரே தாளில் போட்டு, புர்சா மலேசியாவின் பெரிய, நடுத்தரப் பங்குகள் நூறையும் ஒரு மதிப்பெண்ணில் வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். இதில் எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை தருவது என்பதுதான் இந்தப் பதிவு.

இரண்டும் சேர்ந்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு 1996-லேயே சான், ஜெகதீஷ், லகோனிஷோக் மூவரும் அமெரிக்கப் பங்குகளை வைத்துப் பதில் சொல்லிவிட்டார்கள். விலை வேகம், லாபச் செய்திகளின் வேகம் இரண்டுமே அடுத்து வரும் மாதங்களின் விலையைப் பற்றித் தனித்தனியாக எதையோ சொல்கின்றன, ஒன்று இன்னொன்றை முழுதாக விழுங்கிவிடுவதில்லை. ஆகவே சேர்க்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வேலை இருந்தது.

விலை வேகத்துக்கு எல்லாரும் எடுக்கும் அளவையே எடுத்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு முந்தைய விலையிலிருந்து ஒரு மாதத்துக்கு முந்தைய விலை வரை எவ்வளவு ஏறியது என்பது. கடைசி ஒரு மாதத்தை விட்டுவிடுகிறேன், குறுகிய காலத்தில் ஏறியது கொஞ்சம் திரும்பி இறங்கும் பழக்கம் உண்டு என்பதால். போனஸ் பங்கு கொடுத்த கம்பெனிகளுக்குத் திருத்திய விலையைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு இரண்டு போனஸ் கொடுத்த பங்கு மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது போலத் தாளில் நிற்கும்.

கணிப்புத் திருத்தத்தில் கவனம் அதிகம் வேண்டும். ஒரு பங்குக்கான லாபக் கணிப்பு மூன்று மாதத்தில் எத்தனை சதவீதம் மாறியது என்று பார்ப்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் 1.20 ரிங்கிட் பங்கு ஒன்றின் கணிப்பு அரை சென்னிலிருந்து ஒன்றரை சென்னுக்குப் போனால் அது 200 சதவீதம், 5 ரிங்கிட் பங்கு ஒன்று 40 சென்னிலிருந்து 44-க்குப் போனால் வெறும் 10 சதவீதம். நட்டத்திலிருந்து லாபத்துக்கு மாறும் கம்பெனிக்கோ அந்தச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. அதனால் மாற்றத்தைப் பங்கின் விலையால் வகுக்கிறேன். முதலாவது 1 சென் மாற்றத்தை 120-ஆல் வகுத்தால் 0.83 சதவீதம், இரண்டாவது 4 சென் மாற்றத்தை 500-ஆல் வகுத்தால் 0.80. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் செய்திதான் என்பது இப்போது தெரிகிறது. அப்புறம், ஒப்பிடும் இரண்டு கணிப்பும் ஒரே நிதியாண்டுக்கானவையாக இருக்க வேண்டும். இந்த வருடம் 30 சென், அடுத்த வருடம் 34 சென் என்று இருக்கும் கம்பெனியின் நிதியாண்டு மாறும்போது, தரவு தானாக 34-க்குத் தாவும். யாரும் எதையும் திருத்தவில்லை, ஆனால் பெரிய உயர்வு வந்தது போல இருக்கும்.

இரண்டு எண்களையும் அப்படியே கூட்டக் கூடாது. விலை வேகம் மைனஸ் 40 முதல் 120 வரை பரவி நிற்கும், திருத்தமோ மைனஸ் 3-க்கும் 3-க்கும் நடுவில் அடங்கிவிடும், கூட்டினால் பாதிப் பாதி என்று எழுதி வைத்தாலும் விலை மட்டும்தான் பேசும். ஆகவே ஒவ்வொன்றையும் முதலில் 0 முதல் 100 வரை வரிசை எண்ணாக மாற்றுகிறேன். எக்செல்லில் பலரும் `PERCENTRANK.INC` போடுவார்கள். இங்கே அது பொருந்தாது, ஏனென்றால் திருத்தமே இல்லாத பங்குகள் நிறைய. நூறில் 30 இறக்கம், 40 பூஜ்யம், 30 ஏற்றம் என்றால் அந்த 40-க்கும் அது 30.3 கொடுக்கும். நடுவில் நிற்க வேண்டிய பங்குகளுக்குக் கெட்ட செய்தி வந்தது போல ஆகிவிடும். இதைப் போட்டால் அவற்றுக்குச் சரியாக 50 வரும்:

```
=(RANK.AVG(D2,D$2:D$101,1)-1)/(COUNT(D$2:D$101)-1)*100
```

ஆய்வாளர் யாருமே பார்க்காத பங்குக்கும் நான் 50 போடுகிறேன். சிலர் இருக்கிற காரணியை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். அப்படிச் செய்தால் விலை வரிசையில் 96 வாங்கிய பங்கு மொத்தத்திலும் 96 வாங்கி மேலே போய் உட்காரும், இரண்டிலும் 90 வாங்கிய பங்கு அதற்குக் கீழே நிற்கும். திருத்தத்துக்கு 50 போட்டால் 96 வாங்கிய பங்குக்குப் பாதிப் பாதி எடையில் 73தான் வரும். ஒரு சாட்சி மட்டும் சொன்ன வழக்குக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

சரி, எடை. ஒரு காரணியின் வரிசைக்கும் அடுத்த மாத விலை ஏற்றத்தின் வரிசைக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, ஐசி என்பார்கள். அது 0.05 வந்தாலே நல்ல காரணி. விலை வேகத்துக்கு 0.05, திருத்தத்துக்கு 0.04, இரண்டு காரணிகளுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு 0.4 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி சிறந்த எடை இது:

```
w1 = 0.05 - 0.4*0.04 = 0.034
w2 = 0.04 - 0.4*0.05 = 0.020
```

அதாவது விலைக்கு 63, திருத்தத்துக்கு 37. பார்க்க அறிவியல் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த எடையில் சேர்ந்த மதிப்பெண்ணின் ஐசி 0.0545, பேசாமல் பாதிப் பாதி போட்டால் 0.0538. அவ்வளவுதான் வித்தியாசம்! தனியாக விலை மட்டும் 0.05 என்பதால், சேர்த்ததால் கிடைத்த பலனில் பெரும்பகுதி பாதிப் பாதியிலேயே வந்துவிட்டது.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த 0.05-ஐயும் 0.04-ஐயும் எவ்வளவு நம்பலாம் என்பது. நூறு பங்குகளில் ஒரு மாத ஐசி தற்செயலாகவே கூட்டியோ குறைத்தோ 0.1 அளவுக்கு ஆடும். ஐந்து வருடம், 60 மாதச் சராசரி எடுத்தாலும் 0.013 ஆட்டம் மிச்சம் இருக்கும், இரண்டு காரணிகளின் வித்தியாசத்தில் அது ஏறக்குறைய 0.014. நாம் எடை போடுவதோ 0.01 வித்தியாசத்தை நம்பி. அடுத்த ஐந்து வருடத் தரவில் இரண்டும் இடம் மாறி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அப்போது இதே சூத்திரம் 37-க்கு 63 என்று தலைகீழாகச் சொல்லும்.

இந்தக் கணக்கில் உண்மையில் கனமாக இருப்பது அந்த 0.4தான். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் தோட்ட ஆபீசில் கிராணியாக இருக்கும் தம்பி ஒருவர். செம்பனைப் பங்குகளாக நிரம்பிக் கிடந்த என் முதல் இருபதைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் விலை ஏறுனா எல்லாத் தோட்டப் பங்கும் ஏறும்ணே, இதுல உங்க மார்க்கு புதுசா என்ன சொல்லுது?" என்றார். நியாயமான கேள்வி. செம்பனை எண்ணெய் விலை ஏறினால் பங்கு விலை ஏறும். ஆய்வாளர்கள் டன்னுக்கு இவ்வளவு என்ற தங்கள் அனுமானத்தை உயர்த்துவார்கள், உடனே அந்தத் துறையில் இருக்கும் எல்லாக் கம்பெனிகளின் கணிப்பும் ஒன்றாக உயரும். இரண்டு காரணிகள் என்று நாம் நினைப்பது அங்கே ஒரே எண்ணெய் விலை இரண்டு முறை எண்ணப்பட்டதுதான்.

2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா ஏற்றுமதித் தடை போட்டது, மே 23-ல் எடுத்தது, ஜூனில் எண்ணெய் விலை சரியத் தொடங்கி செப்டம்பர் வாக்கில் 4,000-க்கும் கீழே போய்விட்டது. ஜூன் மாதக் கடைசியில் மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்? விலை வேகம் கடைசி மாதத்தைப் பார்க்காது. திருத்தம் மூன்று மாதக் கணக்கு என்பதால் மே அறிக்கைகளின் உயர்வு இன்னும் உள்ளே இருக்கும். இரண்டும் ஒரே குரலில் 'ஏற்றம்' என்றுதான் சொல்லும். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் தைரியம் வரும், ஆனால் இரண்டு பேரும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள்.

இப்படிப்பட்ட காலத்தில் ஒட்டுறவு 0.8 வரை போனால் சூத்திரம் என்ன சொல்லும் என்று போட்டுப் பாருங்கள். திருத்தத்தின் எடை 0.04-லிருந்து 0.8 தடவை 0.05-ஐக் கழித்தால் பூஜ்யம், தூக்கிப் போடு என்கிறது. திருத்தத்தில் சரக்கு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, துறையின் சத்தம் கம்பெனியின் செய்தியை மூடிவிட்டது, அவ்வளவுதான். அதனால் வரிசைப்படுத்தும் முன்பே ஒவ்வொரு பங்கின் எண்ணிலிருந்தும் அதன் துறையின் நடு எண்ணைக் கழித்துவிடுகிறேன், இரண்டு காரணிகளுக்கும். தோட்டத் துறையின் நடுத் திருத்தம் 1.0 சதவீதம் என்றால் 1.4 வாங்கிய கம்பெனிக்கு 0.4, 0.7 வாங்கியதற்கு மைனஸ் 0.3. குலை மகசூல் கூடியதோ, உரச் செலவு குறைந்ததோ, எண்ணெய் விலையைத் தாண்டிக் கம்பெனிக்கென்று இருக்கும் காரணம்தான் அங்கே மிஞ்சும். ஒட்டுறவு 0.2-க்கு இறங்கினால் எடை 58-க்கு 42, பாதிப் பாதிக்கு இன்னும் கிட்டே வந்துவிடுகிறது. எடையை நுணுக்கிப் பார்ப்பதில் செலவழிக்கும் நேரத்தைத் துறையைக் கழிப்பதில் செலவழித்தால் பலன் அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. துறையைக் கழித்தால் துறை முழுதாக ஏறும் ஏற்றத்தை விட்டுவிடுகிறோம், எண்ணெய் ஏறும் வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சம்பாதிப்பதை வேடிக்கை பார்க்க வேண்டிவரும். நாலைந்து பங்குகளே உள்ள துறையில் நடு எண்ணும் நம்பகமில்லை, அவற்றைப் பக்கத்துத் துறையோடு சேர்த்துக் கணக்கிடுகிறேன்.

இப்போது ஓடுவது பாதிப் பாதிதான், மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மட்டும் மதிப்பெண் போடுகிறேன். காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் கம்பெனிகள் அறிக்கை தர வேண்டும் என்பது புர்சா விதி, டிசம்பரில் நிதியாண்டு முடிப்பவை நிறைய என்பதால் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசியில் அறிக்கைகள் குவியும், திருத்தங்களும் அதை ஒட்டித்தான் வரும். நடு மாதங்களில் திருத்தம் பழையதாகிக் கிடக்கும், விலை மட்டும் நகரும், அப்போது வரிசை போட்டால் தாளில் பாதி எடை இருந்தாலும் மாற்றத்தை உண்டாக்குவது விலைதான்.

முதல் இருபதுக்குள் வந்தால் வாங்குவது, நாற்பதாவது இடத்துக்குக் கீழே போனால்தான் விற்பது என்று இடைவெளி விட்டிருக்கிறேன். 2,000 ரிங்கிட்டுக்கு ஒரு பங்கு வாங்கினால் முத்திரைக் கட்டணம் 0.1 சதவீதம், கிளியரிங் 0.03, தரகு குறைந்தபட்சம் 8 ரிங்கிட் என்று வைத்தால் அது 0.4. வாங்கி விற்பதற்குள் ஒரு சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. இருபதாவது இடத்துக்கும் இருபத்தைந்தாவது இடத்துக்கும் உள்ள மதிப்பெண் வித்தியாசத்தில் அந்தக் காசு திரும்பி வராது.