டியூப்லைட் காட்டிக்கொடுத்த கோடு: ஒரு ஷாம்பு பாட்டிலின் தோள்பட்டையை மூன்று முறை கட்டிய கதை

ஷாம்பு பாட்டில் ஒன்றை ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்துத் தர ஒப்புக்கொண்டபோது, அது ஒரு வார வேலை என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். உடல் பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிட்டது. குறுக்குவெட்டு 72-க்கு 40 மி.மீ. முட்டை வடிவம், அதை நேராக மேலே இழுத்ததில் 95 மி.மீ. உயர லேபிள் பகுதி கிடைத்தது. மூடிக்குக் கீழே 28 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய வட்டக் கழுத்துப்பட்டை. இந்த இரண்டுக்கும் நடுவே 38 மி.மீ. உயரத்தில் வரும் தோள்பட்டைதான் என்னுடைய மூன்று வாரங்களைத் தின்றது.

முதல் முறை நான் செய்தது, பெரும்பாலானோர் செய்வதேதான். பக்கவாட்டில் 36 மி.மீ. அரை அகலம் 14 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். அதாவது 22 மி.மீ. உள்ளே வர வேண்டும். லேபிள் பகுதியைத் தொட்டுக்கொண்டு ஒரு வில், அது திரும்பிக் கழுத்துப்பட்டையைத் தொடும் இன்னொரு வில், இரண்டுக்கும் ஏறக்குறைய 22 மி.மீ. ஆரம் என்று வரைந்து, அதை வழிகாட்டிக் கோடாக வைத்து மேற்பரப்பை உருவாக்கினேன். திரையில் பார்க்க அழகாகவே இருந்தது. மாதிரி அச்சிட்டு, கறுப்புப் பளபளப்புப் பெயின்ட் அடித்து, வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பேக்கேஜிங் அதிகாரி அதை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெதுவாகச் சுழற்றினார். "சார், இங்கே மூட்டுப் போட்ட மாதிரி ஒரு கோடு தெரிகிறதே?" என்றார். லேபிள் பகுதி முடியும் இடத்தில், விளக்கின் பிரதிபலிப்பு ஒரு முழங்கையைப் போல மடங்கியிருந்தது. விரலால் தடவினால் எதுவும் தெரியவில்லை. கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

காரணம் எளிமையானதுதான். நேர்க்கோட்டுக்கு வளைமை பூஜ்யம். 22 மி.மீ. ஆரமுள்ள வில்லுக்கு வளைமை, அந்த ஆரத்தின் தலைகீழ், அதாவது மி.மீட்டருக்குச் சுமார் 0.045. இரண்டும் சேரும் புள்ளியில் திசை ஒன்றாக இருந்தாலும், வளைமை பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் 0.045-க்குப் போகிறது. பளபளப்பான பரப்பில் பிரதிபலிப்பு எப்படி ஓடும் என்பதைப் பரப்பின் சாய்வு தீர்மானிக்கிறது. சாய்வு மாறும் வேகம் தடாலென்று மாறினால் பிரதிபலிப்பும் அங்கே உடைகிறது. திசை ஒத்துப்போவது ஜி1 தொடர்ச்சி. வளைமையும் ஒத்துப்போவதுதான் ஜி2. அச்சுக்கு அனுப்பும் முன் `CurvatureGraph` கட்டளையைக் கொடுத்திருந்தால், வளைமையின் அளவைச் சீப்புப் பற்களாக அது வரைந்து காட்டியிருக்கும்; அந்தப் பற்கள் மூட்டில் படிக்கட்டுப் போல எழும்பி நிற்பதை அரை நிமிடத்தில் பார்த்திருப்பேன். பெயின்ட் காசும் பேருந்துக் காசும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது முயற்சியில் மூன்றாம் படி மேற்பரப்பை எடுத்துக்கொண்டேன். அதில் கீழிருந்து மேலாக பரப்பை இழுத்து வடிவம் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நான்கு வரிசைகளில் இருந்தன. `MatchSrf` கட்டளையில் `Curvature` என்பதைத் தேர்ந்து, கீழ் விளிம்பை லேபிள் பகுதியுடன் பொருத்தினேன். பரப்பின் மேல் வரிக்குதிரைக் கோடுகள் பிரதிபலிப்பதைப் போலக் காட்டும் `Zebra` கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது கோடுகள் மூட்டைக் கடந்து வழுக்கிக்கொண்டு ஓடின. மகிழ்ச்சியோடு மேல் விளிம்பைக் கழுத்துப்பட்டையுடன் பொருத்தினேன். மேலே சரியானது, கீழே மறுபடியும் உடைந்தது. திரும்பக் கீழே பொருத்தினால் மேலே உடைந்தது. ஒரு பிற்பகல் முழுவதும் இப்படியே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு விளிம்பில் இடம் மட்டும் ஒத்துப்போக ஒரு வரிசைப் புள்ளிகள் போதும். திசை ஒத்துப்போக இரண்டு வரிசைகள் வேண்டும். வளைமையும் ஒத்துப்போக மூன்று வரிசைகள் வேண்டும். இரு விளிம்புகளிலும் ஜி2 கேட்டால் மூன்றும் மூன்றும் ஆறு வரிசைகள். என்னிடம் இருந்தவை நான்கு. நடுவிலிருந்த இரண்டு வரிசைகளையும் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நேரத்தில் சொந்தம் கொண்டாடின; கடைசியாக இழுத்தவர் வென்றார். இதைப் புரிந்துகொள்ளாமல், அதே சாளரத்தில் இருக்கும் `Preserve other end` என்பதை வளைமைக்கு வைத்துப் பார்த்தேன். அது கூடுதல் வரிசைகளைச் செருகி எதிர் முனையைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் செருகிய இடத்தில் தோள்பட்டை மிக இலேசாக அலையடித்தது. வரிக்குதிரைக் கோடுகள் அங்கே இடுப்பு ஒடுங்கினாற்போல் நெளிந்தன.

இதற்கு நடுவே இன்னொரு வினையும் நடந்தது. `MatchSrf` சாளரத்தில் `Average surfaces` என்ற பெட்டி டிக் செய்யப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அது இருந்தால், பொருத்தப்படும் பரப்பு மட்டுமல்ல, எதனுடன் பொருத்துகிறோமோ அந்தப் பரப்பும் பாதி வழி நகர்ந்து வரும். என் லேபிள் பகுதியின் மேல் ஓரம் இதனால் உள்ளே லேசாகச் சாய்ந்துவிட்டது. லேபிள் ஒட்டும் பரப்பு ஒரு திசையில் மட்டுமே வளையலாம். காகிதத்தைச் சுருட்டலாமே தவிர, பந்தின் மேல் சுருக்கமின்றி ஒட்ட முடியாது. இரண்டாவது மாதிரியில் சோதனை லேபிளின் மேல் ஓரம் கண்மூடிப் பார்த்தாலும் தெரியும் அளவுக்குச் சுருங்கியது. இன்னொரு வீண் பயணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருத்தலுக்கும் பின் `CurvatureAnalysis` கட்டளையில் காஸியன் வளைமையை, அதாவது இரு திசை வளைமைகளின் பெருக்கலை, பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். லேபிள் பகுதி முழுவதும் பூஜ்யத்துக்குரிய ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். எங்கேனும் நிறம் மாறினால் அங்கே லேபிள் மடியும்.

மூன்றாம் முறை, பழைய தோள்பட்டையை முழுவதுமாக அழித்துவிட்டுத் தொடங்கினேன். பாட்டில் இரு தளங்களிலும் சமச்சீர் என்பதால் கால் பங்கை மட்டும் கட்டினால் போதும். கீழே முட்டை வடிவத்தின் கால் வளைவு, மேலே வட்டத்தின் கால் வளைவு. இந்த இரண்டும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பதில்தான் பிடிவாதம் காட்ட வேண்டும். `Arc` கட்டளை தரும் வில், ஒவ்வொரு புள்ளியும் வளைவை எவ்வளவு இழுக்கும் என்பதைச் சொல்லும் எடைகள் கொண்ட இரண்டாம் படி வளைவு. கீழ் வளைவோ எடையற்ற ஐந்தாம் படி. இரண்டையும் அப்படியே வைத்து, வளைவுகளுக்கிடையே பரப்பை விரிக்கும் `Loft` செய்தால் எடைகள் மேற்பரப்புக்குள்ளும் வந்துவிடும். பிறகு புள்ளிகளைக் கையால் சரிசெய்வது கடினம். எனவே வில்லை `Rebuild` மூலம் ஐந்தாம் படி, ஆறு புள்ளிகளாக மாற்றி, முனைக்கு அடுத்த புள்ளியை `SetPt` மூலம் முனைப் புள்ளியோடு நேராக்கினேன். லேபிள் பகுதியையும் அதே கீழ் வளைவிலிருந்தே மீண்டும் இழுத்துக்கொண்டேன்.

பிறகு இந்த இரண்டு வளைவுகளை மட்டும் வைத்து நேர் லாஃப்ட் ஒன்று செய்தேன். அது கூடாரத் துணி போல நேராகச் சாய்ந்த பரப்பு. அதன் உயரத் திசையை `ChangeDegree` மூலம் ஐந்தாம் படிக்கு உயர்த்தியதும், 7.6 மி.மீ. இடைவெளியில் ஆறு வரிசைகள் கிடைத்தன. வடிவம் இம்மியும் மாறவில்லை. இப்போது `Average surfaces` டிக்கை எடுத்துவிட்டு, `Match target isocurve direction` என்பதை வைத்து, கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை ஜி2 பொருத்தினேன். இரண்டு பக்கமும் செங்குத்தான நேர்ப்பரப்புகள் என்பதால், சரியாகச் செய்தோமா என்பதை எண்ணிப் பார்த்தே அறியலாம்: கீழ் மூன்று வரிசைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும், மேல் மூன்றும் அப்படியே. பக்கவாட்டு அரை அகலங்களைக் கீழிருந்து எண்ணினால் 36, 36, 36, 14, 14, 14. இதைத் திரையில் கண்டபோது வந்த நிம்மதி, பணம் வந்தபோதுகூட வரவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. வளைமை பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற வேண்டியிருப்பதால், அதே 38 மி.மீட்டருக்குள் அதே 22 மி.மீ. உள்ளே வர, இடையில் அதிகமாக வளைந்தாக வேண்டும். வில் வைத்தபோது 22 மி.மீ. ஆக இருந்த ஆரம், இப்போது மிக இறுக்கமான இடத்தில் 14 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. தோள்பட்டை முன்னைவிடச் சற்றுக் கூர்மையாகத் தெரிகிறது என்று நினைத்தால் அது உங்கள் கண்ணின் குறை அல்ல. மென்மையான தோள்பட்டை வேண்டுமென்றால் உயரத்தைக் கூட்டிக் கேட்க வேண்டும். தொடர்ச்சியை விட்டுக்கொடுத்துப் பயனில்லை.

கண்ணாடிப் பிம்பமாகப் பிரதியெடுக்கும் மூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே இரண்டு நாட்களை வீணாக்கினேன். கால் பங்கை `Mirror` செய்ததும், அந்த மூட்டிலும் ஜி2 பொருத்த வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தேன். தேவையே இல்லை. பரப்பு சமச்சீர்த் தளத்தைச் செங்குத்தாகத் தொட்டால், பிம்பத்தின் வளைமையும் அதே அளவு, அதே பக்கம். ஆகவே ஜி1 இருந்தால் ஜி2 தானாகவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் முனைப் புள்ளியும் அதற்கடுத்த புள்ளியும் சமச்சீர்த் தளத்துக்குச் செங்குத்தான கோட்டில் நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். அதற்குப் பிறகும் சீப்பு அந்த இடத்தில் கூரை முகடு போலக் கூம்பி நின்றால், அது வளைமை மாறும் வேகத்தின் பிரச்சினை. மூன்றாவது புள்ளியைச் சற்று நகர்த்தி முகட்டை மழுக்கலாம்.

வரிக்குதிரைக் கோடுகள் மூட்டில் ரம்பம் போலத் தெரிந்தால் உடனே பரப்பைக் குறை சொல்ல வேண்டாம். திரைக்காகப் போடப்படும் வலை முரடாக இருந்தாலும் அப்படித்தான் தெரியும். `Zebra` சாளரத்திலேயே வலையை நுண்மையாக்கிவிட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல், நன்றாக இருந்த ஒரு மூட்டை ஒரு முறை கெடுத்துவைத்தேன்.

மூன்றாவது மாதிரியை அதே அதிகாரி அதே டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். வெளிச்சக் கோடு லேபிள் பகுதியிலிருந்து தோள்பட்டை வழியாகக் கழுத்துப்பட்டை வரை தடையின்றி ஏறியது, லேபிளும் சுருங்கவில்லை. "நன்றாக இருக்கிறது. ஆனால் மூடியை மாற்றிவிட்டோம், கழுத்துப்பட்டை 32 மி.மீ. ஆக வேண்டும்" என்றார். வீட்டுக்கு வந்து மேல் வளைவைப் பெரிதாக்கி, மேல் விளிம்பை மட்டும் மறுபடி பொருத்தினேன். மேல் மூன்று வரிசைகள் 16-க்கு நகர்ந்தன. கீழ் மூன்றும் 36-லேயே நின்றன. இருபது நிமிடங்கள் ஆயின.