லீனோ, டாபி, இரட்டைத் துணி: மேசைத் தறியில் மூன்று மாதம்

என்னிடம் இருப்பது, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்க எட்டுச் சட்டம் கொண்ட சின்ன மேசைத் தறி. மிதி கிடையாது. எந்தச் சட்டம் மேலே போக வேண்டுமோ அதன் பிடியைக் கையால் இழுக்க வேண்டும். இழைகளைச் சீப்பு போலப் பிரித்து நிறுத்தும் அச்சில் அங்குலத்துக்கு 12 பல். நூல், இரண்டு இழை சேர்த்து முறுக்கிய 10ஆம் நம்பர் பருத்தி. பல்லுக்கு இரண்டு இழை, அதாவது அங்குலத்துக்கு 24 என்று விட்டால் சாதா நெசவு கெட்டியாக வரும்.

மார்ச்

வெயிலுக்குத் தோளில் போட்டுக்கொள்ளக் காற்றோட்டமான துண்டு ஒன்று வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எளிய வழி என்று நினைத்து பல்லுக்கு ஒரே இழை விட்டுச் சாதா நெசவே நெய்தேன். தறியில் இருந்தவரை கொசுவலை போல அழகாக இருந்தது. ஒரு முறை அலசியதும் இழைகள் அங்கங்கே கூடிக்கொண்டன. மற்ற இடமெல்லாம் ஓட்டை. இரண்டு கட்டைவிரலால் துணியைப் பிடித்து விலக்கினால் பாவு அப்படியே நகர்ந்தது. இழைகள் நெருங்கி உரசிக்கொண்டிருப்பதால்தான் சாதா நெசவு நிற்கிறது. நெருக்கம் போனால் பிடிப்பும் போச்சு.

லீனோ என்ற நெசவு இந்தப் பிடிப்பை வேறு வழியில் தருகிறது. பாவு இழைகள் ஜோடி ஜோடியாக வேலை செய்யும். ஒன்று நிலையான இழை, மற்றொன்று தாண்டும் இழை. குறுக்கே போகும் ஒரு ஊடைக்குத் தாண்டும் இழை நிலை இழையின் இடப்பக்கம் மேலே எழும். அடுத்த ஊடைக்கு நிலை இழையின் அடியில் புகுந்து வலப்பக்கம் எழும். ஊடை எப்போதும் நிலை இழைக்கு மேலும் தாண்டும் இழைக்குக் கீழும் மாட்டிக்கொள்ளும். அதனால் இடைவெளி எவ்வளவு இருந்தாலும் நகராது. வெங்காயம் கட்டி வரும் வலைப் பைகளை வியாபாரத்தில் லீனோ பை என்பது இதனால்தான்.

முதலில் கையாலேயே பின்னினேன். அச்சுக்கு முன்னால், தட்டையான குச்சியால் ஒவ்வொரு ஜோடியிலும் மேல் இழையை ஒதுக்கி, கீழ் இழையை எடுத்துக் குச்சிமேல் போட வேண்டும். குச்சியை நிமிர்த்தினால் ஊடைக்கு வழி கிடைக்கும். அடுத்த ஊடைக்குப் பின்ன வேண்டியதில்லை. குச்சியை எடுத்துவிட்டுச் சாதாரணமாகத் திறந்தாலே முறுக்கு பூட்டிக்கொள்ளும். எட்டு அங்குல அகலத்தில் 48 ஜோடி. ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடம். அங்குலத்துக்கு ஆறு ஊடை என்றால் மூன்று வரிசை பின்ன வேண்டும். 60 அங்குலத் துண்டுக்குக் கணக்குப் போட்டால் பின்னுவதற்கு மட்டும் 15 மணி நேரம்! ஒரு சாண் நெய்துவிட்டு நிறுத்தினேன்.

ஏப்ரல்

அடுத்து, தறியையே தாண்ட வைக்கும் வழி. முன் சட்டத்தில், இழையைப் பிடிக்கும் வழக்கமான விழுதுக்குப் பதில் நூல் கண்ணிகள் கட்டினேன். ஒவ்வொரு கண்ணியும் நிலை இழையின் அடியில் போய்த் தாண்டும் இழையைச் சுற்றி வரும். தாண்டும் இழையின் சொந்த விழுது கடைசிச் சட்டத்தில். கடைசிச் சட்டத்தைத் தூக்கினால் இழை தன் பக்கத்தில் எழும், கண்ணி தளர்ந்து கூடவே வரும். முன் சட்டத்தைத் தூக்கினால் கண்ணி அந்த இழையை அடியில் இழுத்து மறுபக்கம் எழுப்பும்.

எழுப்பவில்லை. ஊடையை விட்டுத் தட்டிப் பார்த்தால் ஒரு ஜோடிகூடத் தாண்டவில்லை. வெறும் ஊடை மேலே கிடந்தது. கண்ணியின் நீளத்தை இரண்டு நாள் மாற்றி மாற்றிக் கட்டினேன். கடைசியில் பழக்கமான நெசவாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, ரெண்டையும் ஒரே பல்லுலதானே விட்டிருக்கீங்க?" என்றார். பல்லுக்கு ஒன்றாக விட்டிருந்தேன். கையால் பின்னும்போது முறுக்கு அச்சுக்கு முன்னால் விழுவதால் பாதகமில்லை. கண்ணி இழுப்பதோ அச்சுக்குப் பின்னால். நடுவில் பல் நின்றால் இழை எப்படித் தாண்டும்? ஜோடியை ஒரே பல்லில் விட்டு அடுத்த பல்லைக் காலியாக விட்டேன். உடனே தாண்டியது.

இன்னொரு தொல்லை அரை முழம் நெய்த பிறகு வந்தது. வளைந்து போவது தாண்டும் இழை மட்டும்தான் என்பதால் அது வேகமாகச் செலவாகிறது. நிலை இழை தொய்ந்து நிற்கிறது. ஆலைகளில் இதற்கென்றே இரண்டாவது பாவு உருளை உண்டு. நான் தாண்டும் இழைகளை மட்டும் தனியாகச் சுற்றி, தறிக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். பாட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து இழுவையைச் சரிசெய்ய முடிந்தது.

பத்து அலசலுக்குப் பிறகும் துண்டின் கட்டம் கலையவில்லை. கட்டைவிரல் சோதனையில் அசையவில்லை. வியர்வையில் ஒட்டாது, அரை மணியில் காய்கிறது. ஆனால் வெயிலும் உள்ளே வரும். வளையல், மெட்டி எல்லாம் மாட்டி இழுக்கும். ஒரு வேடிக்கை: அதே துணியின் மேல் ஒரு போர்வை விரித்தால் ஓட்டைகளில் காற்று அடைபட்டு வெதுவெதுப்பாகிவிடுகிறது.

மே

டாபி பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டாபி என்பது சட்டங்களை வரிசைப்படி தூக்கும் கருவி. ஊடைக்கு ஒரு மரக்கட்டை, அதில் குச்சி செருகிய இடத்துச் சட்டம் மேலே போகும். என் தறியில் அந்த வேலை என் விரல்களுக்கு. ஐந்து சட்டத்தில் தேன்கூட்டு நெசவு நெய்தேன். குழி குழியாக வருவதற்குக் காரணம் இழைகள் பல இழைகளைத் தாண்டி மிதப்பதுதான். தறியில் 12 அங்குலம் இருந்தது அலசியதும் ஒன்பதரை ஆனது. முதலிலேயே பெரிதாக நெய்திருக்க வேண்டும். கை துடைக்க இதைப் போல இல்லை, தண்ணீரை அப்படி இழுக்கிறது. ஆனால் மேடுகள் மட்டும்தான் உரசுகின்றன. அங்கேதான் இப்போது பஞ்சு எழும்பியிருக்கிறது. சட்டைக்கு இவ்வளவு நீளமாக மிதக்க விடமாட்டேன்.

கடைசியாக இரட்டைத் துணி. ஒரே தறியில் மேலும் கீழுமாக இரண்டு துணி. பல்லுக்கு நான்கு இழை. ஒன்றாம், மூன்றாம் சட்டங்கள் மேல் துணிக்கு. இரண்டும் நான்கும் கீழ்த் துணிக்கு. மேலே நெய்ய 1 அல்லது 3 தூக்கினால் போதும். கீழே நெய்ய வேண்டுமென்றால் 1, 3 இரண்டையும் ஒதுக்கித் தூக்கிவிட்டு, கூடவே 2 அல்லது 4. ஊடை சுற்றிய ஒரே நாடாவை மேல், கீழ், மேல், கீழ் என்று விட்டால் குழாய் கிடைக்கும். கீழ்த் துணியும் மேல் துணியும் இடம் மாறினால் அந்த இடத்தில் குழாய் மூடிக்கொள்ளும்.

குஜராத்தின் பரூச்சில் சுஜனி என்ற மெத்தைப் போர்வை இந்த முறையில்தான் நெய்யப்படுகிறது. தறியில் இருக்கும்போதே கட்டங்களுக்குள் பஞ்சை வைத்து மூடிவிடுவார்கள், தையலே இல்லை. அதைப் பார்த்துத்தான் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பை நெய்து, பஞ்சு வைத்து, இடம் மாற்றி மூடினேன். மூன்றாவது பைக்குப் பஞ்சு போகவில்லை. ஒரு ஊடையில் 3ஐத் தூக்க மறந்து, மேல் துணியைக் கீழோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறேன். கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாதே! அன்றிலிருந்து அங்குலத்துக்கு ஒரு முறை இரண்டு துணிக்கும் நடுவே இரும்பு ஸ்கேலை நுழைத்துப் பார்க்கிறேன். தட்டினால் அங்கேயே பிரித்துவிடலாம். மடிப்பு ஓரத்தில் ஊடை இறுக்கி இழைகள் நெருங்குவதையும் கவனிக்க வேண்டும். என் இரட்டைத் துணியில் முதலில் தேய ஆரம்பித்தது அந்தக் கோடுதான்.

மெத்தென்று இருக்கிறது, நடுவில் நிற்கும் காற்றால் சூடும் தாங்குகிறது. நம் ஊர் ஈரத்துக்கு ஒத்துவரவில்லை. மழை பெய்த வாரம் துவைத்துக் கொடியில் போட்டேன். மூன்றாம் நாளும் பஞ்சு ஈரமாகவே இருந்தது, லேசாக வாடையும். அடுத்ததைப் பஞ்சு வைக்காமல் நெய்வதற்குப் பாவு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.