ஒப்பந்தக் குறிப்பின்படி ஓர் அகப்பக்கத்தைச் சரிபார்த்து மதிப்பிட்ட அனுபவம்

பிரிக்பீல்ட்ஸில் என் அத்தை நடத்திவரும் விருந்துச் சமையல் தொழிலுக்காக, இணையப் பணித்தளம் ஒன்றின் வழியாக ஈப்போவைச் சேர்ந்த ஃபிரீலான்சர் ஒருவரிடம் 2,400 வெள்ளிக்கு ஓர் அகப்பக்கம் செய்யக் கொடுத்திருந்தோம். வேலை கைக்கு வந்ததும், அதை ஏற்பதா, திருத்தம் கேட்பதா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் பணித்தளத்தில் இதற்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், வேலை ஏற்கப்பட்டதாகக் கருதி மீதிப் பணத்தை அவருக்கு விடுவித்துவிடுவார்கள்.

அத்தை முகப்புப் பக்கத்தை ஒரு முறை பார்த்தார். "எடுப்பாகவே இல்லைய்யா, இரண்டு நட்சத்திரம் போட்டு அனுப்பிவிடு" என்றார். எடுப்பு என்பது ஒப்பந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. மாதிரியாக அனுப்பிய மூன்று பக்கங்களில் ஒன்றை அத்தையே தேர்ந்தெடுத்திருந்தார். வந்திருந்த வடிவமைப்பும் அதை ஒட்டியே இருந்தது. ஆகவே அந்தக் குறையை அப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அகப்பக்கத்தைத் திறப்பதற்கு முன்பாகக் குறிப்பை எடுத்து வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது நிறைவேறியதா என்பதை எப்படிச் சோதிப்பது என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தை முதலில் பார்த்தால் கண்ணில் பட்டதையெல்லாம் குறையாக எண்ணத் தோன்றும். கேட்டு வாங்க வேண்டியது விடுபட்டுப் போகும்.

குறிப்பு சொன்னவை இவ்வளவுதான்: ஐந்து பக்கங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும், கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிய வேண்டும், எல்லாப் பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தான், முன்பதிவுப் படிவத்தை நிரப்பினால் கடையின் மின்னஞ்சலுக்கு வந்து சேர வேண்டும், படங்களும் உணவுப் பட்டியலும் முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் வேலை முடிய வேண்டும், இரண்டு முறை திருத்தம் இலவசம்.

பக்கங்களின் எண்ணிக்கையிலும் மொழியிலும் குறையில்லை. வாட்ஸ்அப் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ஆனால் கைப்பேசியில் அழுத்தியபோது எண் தவறானது என்று வந்தது. இணைப்பைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நாம் உள்ளூரில் எழுதுவதுபோல 012 என்று தொடங்கும் எண்ணை அப்படியே போட்டிருந்தார். அந்த இணைப்பில் நாட்டுக் குறியீடு முன்னால் வர வேண்டும், உள்ளூர் எண்ணின் தொடக்கச் சுழியம் போக வேண்டும், கூட்டல் குறியோ இடைக்கோடோ இருக்கக் கூடாது:

```
https://wa.me/6012XXXXXXX
```

படிவத்தின் குறையைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. நிரப்பி அனுப்பினால், நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம் என்று திரையில் வந்தது. கடையின் மின்னஞ்சலில் ஒன்றும் வரவில்லை. வேறு வேறு முகவரிகளைக் கொடுத்து அனுப்பிப் பார்த்ததில், சில குப்பை அஞ்சல் பெட்டியில் கிடந்தன, சில வரவே இல்லை. வந்தவற்றைத் திறந்தபோது, அனுப்புநர் இடத்தில் படிவத்தை நிரப்பியவரின் முகவரியே இருந்தது. அந்த முகவரியின் பெயரில் அஞ்சல் அனுப்ப நம் அகப்பக்கத்தின் சேவையகத்துக்கு உரிமை இல்லாததால், பெறும் பக்கத்து அஞ்சல் சேவை அதைப் போலி என்று சந்தேகிக்கிறது. அனுப்புநராக நம் சொந்த முகவரியை வைத்து, வாடிக்கையாளரின் முகவரியைப் பதில் அனுப்பும் இடத்தில் மட்டும் வைத்தால் இந்தச் சந்தேகம் எழாது. தீபாவளி நேரத்தில் இது தெரியாமல் இருந்திருந்தால், வராத முன்பதிவுகளுக்காக அத்தை சந்தையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

கைப்பேசித் தோற்றத்தை ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே எழுதியிருப்பேன். தமிழ்ப் பக்கத்தில், சிறிய திரையில், "முன்பதிவு செய்யுங்கள்" என்ற பொத்தான் விளிம்பைத் தாண்டி, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதை நினைக்காமல், ஆங்கிலச் சொல்லின் அளவுக்குப் பொத்தானின் அகலத்தை நிலையாக வைத்துவிட்டார்.

திருத்தக் குறிப்பில் இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். படிவத்துக்கு எழுதியது இது: "தமிழ் முன்பதிவுப் பக்கம், மடிக்கணினி, குரோம். படிவத்தை நிரப்பி அனுப்பினால் நன்றிச் செய்தி வருகிறது. கடையின் மின்னஞ்சலுக்கு அஞ்சல் வரவில்லை அல்லது குப்பைப் பெட்டிக்குப் போகிறது. ஒப்பந்தக் குறிப்பில், படிவம் கடையின் மின்னஞ்சலுக்கு வந்து சேர வேண்டும் என்று உள்ளது. எந்த முகவரியைக் கொடுத்து அனுப்பினாலும் உட்பெட்டிக்கு வந்தால் இது முடிந்ததாகக் கொள்வோம்." காரணம் என்று நான் நினைத்ததைக் கடைசியில் ஊகமாகவே சேர்த்தேன், சரிசெய்யும் வழியைத் தேர்வது அவர் உரிமை. திரைப்பிடிப்புகளையும் இணைத்தேன். படிவம் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் திரையில் நன்றிச் செய்தியைப் பார்த்துவிட்டு, எனக்கு வேலை செய்கிறதே என்று பதில் போட்டிருப்பார். ஒரு திருத்தச் சுற்று வீணாகியிருக்கும்.

இனி, குறிப்பில் இல்லாதவை. தனிநபர் தரவு குறித்த அறிவிப்பு எங்கும் இல்லை. படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குவதால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த அறிவிப்பு வேண்டும். அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தேவையானதுதான், ஆனால் கடமை கடையுடையது, குறிப்பிலும் அது கேட்கப்படவில்லை. ஆகவே திருத்தத்தோடு கலக்காமல், தனிச் செய்தியில், அந்தப் பக்கத்தைச் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன 150 வெள்ளி நியாயமாகவே இருந்தது. அத்தையின் எடுப்பு விஷயத்தையும் அதே செய்தியில், முகப்பின் வண்ணத்தை மாற்ற இயலுமா என்ற கேள்வியாக மாற்றி வைத்தேன். நட்சத்திரத்தைக் காட்டி இவற்றை இலவசமாகச் செய்து வாங்கலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். பணித்தளத்தின் விதி அதைத் தடை செய்கிறது, தடை இல்லாவிட்டாலும் அது மிரட்டல்தான்.

திருத்தங்கள் முதல் சுற்றிலேயே சரியாக வந்தன. அதன் பிறகே மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தேன். நேரம் தவறினார் என்று அத்தை உறுதியாக நம்பினார், ஏனென்றால் முன்பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணியிருந்தார். பழைய செய்திகளைப் பார்த்தால், உணவுப் பட்டியலின் கடைசிப் பகுதி கடையிலிருந்து போனதே மிகத் தாமதமாகத்தான். அந்த நாளிலிருந்து எண்ணினால் அவர் மூன்று வாரத்துக்குள் முடித்திருந்தார். நேரத்துக்கு ஐந்து போட்டேன். தொடர்புக்கும் ஐந்து. தரத்துக்கு நான்கு: குறைகளைத் திருத்திவிட்டார் என்றாலும், படிவத்தையும் பொத்தானையும் ஒரு முறை சோதித்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், அடுத்து வேலை கொடுப்பவர் அறிய வேண்டிய செய்தி இது.

எழுத்து மதிப்புரையில் இப்படிச் சொன்னேன்: ஒப்பந்தக் குறிப்பில் உள்ள எல்லாம் ஒரு திருத்தச் சுற்றுக்குப் பிறகு நிறைவேறின, முதல் ஒப்படைப்பில் படிவமும் வாட்ஸ்அப் இணைப்பும் வேலை செய்யவில்லை, சுட்டிக்காட்டியதும் விரைவாகச் சரிசெய்தார், தமிழ்ப் பக்கம் கேட்பவர்கள் அதைக் கைப்பேசியில் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். வண்ணத்தைப் பற்றி எழுதவில்லை. அதற்கு அவர் சொன்ன 200 வெள்ளியைக் கேட்டதும், "இருக்கிறதே இருக்கட்டும்" என்று அத்தை விட்டுவிட்டார்.