41 நிமிடம் பேசிய பெண்ணுக்கு ஒரு நன்றிக் கடிதம்

ஜூன் 3 மாலை, வேறு வங்கி ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனேன். மெஷின் சத்தம் போட்டது, பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பணம். ஐந்து நிமிஷம் கழித்து அதே மெஷினில் இன்னொரு முறை போட்டேன், இந்தத் தடவை வந்தது.

புகார் கொடுத்தேன். நாலாம் நாள் ‘பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது’ என்று மூடிவிட்டார்கள். திரும்பக் கொடுத்தேன். அதே வரி, அதே முடிவு. கிளையில் கேட்டால் ‘கஸ்டமர் கேருக்குப் போடுங்க சார்’ என்றார்கள், அதற்கே அரை நாள் லீவு போனது.

15ஆம் தேதி கஸ்டமர் கேரில் என் போனை எடுத்த பெண்தான் முதல் முறையாக, “சார், அன்னைக்கு வந்த எஸ்எம்எஸ் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வாசிங்க” என்றார். 6.42க்கு ஒன்று, 6.47க்கு ஒன்று. தொகை ஒன்றே, மெஷின் ஒன்றே, குறிப்பு எண்தான் வேறு. என் இரண்டு புகாரும் 6.47 எண்ணின் மேல் பதிவாகியிருந்தன. அது உண்மையிலேயே பணம் வந்த பரிவர்த்தனை! விசாரித்தவர்கள் சொன்ன பதில் சரி, பதிவுதான் தப்பு. 6.42 எண்ணைப் போட்டு அவர் புதிய புகார் பதிந்தார். எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டி, நான் ‘சரி’ என்ற பிறகே அனுப்பினார். மொத்தம் 41 நிமிடம். 22ஆம் தேதி பணம் வந்துவிட்டது. ஐந்து நாள் கெடு தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அந்தக் கணக்கில் 14 நாளுக்கு 1,400 ரூபாயும் சேர்ந்து வந்தது.

அவருக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். வங்கியின் இணையப் படிவத்தில் பாராட்டுக்கென்று பிரிவே இல்லை. ‘மற்றவை’யில் அவர் பெயரோடு எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகார் எண்...’ என்று பதில் வந்தது. நல்லது செய்த பெண்ணின் பெயரில் நானே ஒரு புகாரைத் திறந்துவிட்டேன். வயிறு கலங்கிவிட்டது.

உடனே போன் செய்து அதை மூடச் சொன்னேன். “உங்க டீம் லீடர்கிட்ட பேசணும்” என்றதும் எதிர்முனையில் பேச்சே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. மேலதிகாரியைக் கேட்பவர்கள் எல்லாம் சண்டைக்குத்தானே கேட்பார்கள்? நீங்கள் கேட்டால் முதல் வார்த்தையாகவே ‘ஒருத்தரைப் பாராட்டணும்’ என்று சொல்லிவிடுங்கள்.

கால் சென்டரில் வேலை பார்த்த என் மைத்துனன்தான் வழி சொன்னான். ‘நன்றாகப் பேசினார்’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதனால் புகார் எண், தேதி, அழைத்த நேரம் மூன்றும் வேண்டும். அதை வைத்துத்தான் அழைப்பின் ஒலிப்பதிவை எடுத்துக் கேட்பார்கள். அங்கே ஒரு அழைப்பு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதையும் கணக்கு வைப்பார்களாம். 41 நிமிடம் என்பது அவருக்குப் பாதகமாகவே விழுந்திருக்கும் என்றான். அதனால் அந்த நேரம் எதற்கு ஆனது என்பதையே கடிதத்தின் நடுவில் வைத்தேன்.

வங்கியின் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். தலைப்பிலேயே ‘பாராட்டு, புகார் அல்ல’ என்று போட்டேன். உள்ளே அவர் பெயர், புகார் எண், அதற்குக் கீழே இவ்வளவுதான்:

“ஜூன் 15, காலை 11.10 அழைப்பு. இருமுறை மூடப்பட்ட என் புகார் தவறான பரிவர்த்தனை எண்ணில் பதிவாகியிருந்ததை இவர் கண்டுபிடித்தார். அழைப்பு 41 நிமிடம் நீண்டது, இரண்டு எஸ்எம்எஸ்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததே காரணம். அதன் பிறகு அந்தப் பணத்துக்காக நான் ஒருமுறைகூட அழைக்க வேண்டியிருக்கவில்லை. இதை இவருடைய டீம் மேனேஜருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கால் சென்டர் பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் கையில் இருக்கும், கடைசி வரி இல்லையென்றால் கடிதம் வங்கியிலேயே தங்கிவிடும். ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டேன். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று அந்தப் பெண் அன்று மெல்லச் சொன்னார். எனக்கு அது பெரிய உதவி, அவருடைய மேலதிகாரிக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

நாலு நாள் கழித்து டீம் மேனேஜரே கூப்பிட்டார். அந்த அழைப்பு நீண்டதற்காக அந்த வாரமே அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டிருந்தார்களாம். “இப்ப பதிவை முழுசா கேட்டேன் சார். அவங்க பேர்ல இருந்த அந்தக் குறிப்பை எடுத்துட்டேன்” என்றார்.